ஒரே மூன்று பிவட், மூன்று பிட்ச்ஃபோர்க்: எதை வரைவது?

விலை திரும்பிய உச்சம், பள்ளங்களான பிவட்களில் மூன்றைச் சரியாகப் பிடித்துவிட்டால், விலை சார்ட்டில் மூன்று இணைகோடுகளாக வரையும் மீடியன் லைன் பிட்ச்ஃபோர்க் தானாக அமைந்துவிடும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். புள்ளிகளைத் தேர்வதுதான் கஷ்டம், கோடு போடுவது மென்பொருளின் வேலை என்பது என் கணக்கு. ஆனால் அதே மூன்று புள்ளிகளை வைத்துக்கொண்டே மென்பொருள் குறைந்தது மூன்று வகை ஃபோர்க்குகளைப் போட்டுக் காட்டும். மூன்றும் மூன்று திசைவேகத்தில் சாயும். ஒன்றில் விலை கோட்டை மதித்துத் திரும்பியதாகத் தெரியும். இன்னொன்றில் அதே விலை ஃபோர்க்கை உடைத்துக்கொண்டு வெளியேறியதாகத் தெரியும். எதை வரைவது என்ற முடிவை வேறு யாரும் நமக்காக எடுத்துத் தர மாட்டார்கள்.

முறையின் மூலவர் அமெரிக்கரான ஆலன் ஆண்ட்ரூஸ். அவர் கற்றுக்கொடுத்த மூல வடிவம் எளிது. ஏறுமுகச் சந்தையை எடுத்துக்கொள்வோம். முதல் புள்ளி ஒரு பள்ளம். இரண்டாம் புள்ளி அதிலிருந்து ஏறிய உச்சம். மூன்றாம் புள்ளி அந்த உச்சத்திலிருந்து இறங்கி நின்ற பள்ளம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நட்டநடுவில் ஒரு புள்ளி வைத்து, முதல் புள்ளியிலிருந்து அதன் வழியாக ஒரு கோட்டை வலப்பக்கம் நீட்டினால் அதுதான் மீடியன் லைன். அதற்கு இணையாக இரண்டாம் புள்ளி வழியே ஒரு கோடு, மூன்றாம் புள்ளி வழியே ஒரு கோடு. இரண்டும் மீடியனிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கும். இறங்குமுகத்துக்கு எல்லாவற்றையும் தலைகீழாக்கிக்கொள்ளலாம்.

ஆண்ட்ரூஸின் மாணவர் ஷிஃப் பெயரில் வழங்கும் வடிவத்தில் மீடியன் தொடங்கும் இடம் மட்டும் மாறும். பார் என்பது சார்ட்டில் ஒரு நாள் போன்ற ஒரு கால அலகின் விலை. முதல் புள்ளி நிற்கும் அதே பாரில், ஆனால் முதல் இரண்டு புள்ளிகளின் விலைக்கு நடுவிலிருந்து கோடு புறப்படும். மாற்றியமைத்த ஷிஃப் என்பதில் தொடக்கம் விலையிலும் நடு, நேரத்திலும் நடு. அதாவது முதல் இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டின் மையம். இந்தப் பெயர்கள் எல்லா இடத்திலும் ஒரே பொருளில் வழங்குவதில்லை. ஒருவர் ஷிஃப் என்பதை இன்னொருவர் மாற்றியமைத்த ஷிஃப் என்பார். ஆகவே மெனுவில் உள்ள பெயரைப் பார்க்காமல், கோடு எந்தப் புள்ளியிலிருந்து கிளம்புகிறது என்பதைப் பாருங்கள்.

கோணத்தை விடுங்கள், வேகத்தைப் பாருங்கள்

இனி ஒரு கணக்கு. எண்கள் நான் வசதிக்காக அமைத்தவை. முதல் புள்ளி பூஜ்யமாவது பாரில் 100. இரண்டாம் புள்ளி 8ஆவது பாரில் 150. மூன்றாம் புள்ளி 12ஆவது பாரில் 118. ஐம்பது புள்ளி ஏறி, அதில் 32 புள்ளி, அதாவது 64 சதவீதம், திரும்பக் கொடுத்திருக்கிறது. கொஞ்சம் ஆழமான இறக்கம்தான்.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடு, 10ஆவது பாரில் 134. மூல வடிவத்தில் 100இலிருந்து 134க்குப் பத்து பார், ஆக ஒரு பாருக்கு 3.4 புள்ளி. ஷிஃப்பில் தொடக்கம் 125, அங்கிருந்து 134க்குப் பத்து பார், ஒரு பாருக்கு 0.9. மாற்றியமைத்த ஷிஃப்பில் தொடக்கம் 4ஆவது பாரில் 125, மிச்சம் ஆறு பார்தான், ஆக ஒரு பாருக்கு 1.5.

இந்த மூன்று எண்களை வெறும் சாய்வாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. சந்தையின் வேகத்தோடு வைத்துப் பார்த்தால்தான் விஷயம் வெளிச்சமாகும். முதல் ஏற்றத்தின் வேகம் ஒரு பாருக்கு 6.25. ஏறி இறங்கிய பிறகு கையில் நின்ற நிகர ஏற்றம் 12 பாரில் 18 புள்ளி, ஒரு பாருக்கு 1.5. மூல வடிவத்தின் 3.4 இந்த இரண்டுக்கும் இடையில் விழுகிறது. இது தற்செயல் இல்லை. ஏறுமுக அமைப்பில் மூல மீடியனின் வேகம் எப்போதும் முதல் ஏற்றத்தின் வேகத்துக்கும் நிகர வேகத்துக்கும் நடுவில்தான் வரும். மாற்றியமைத்த ஷிஃப் நிகர வேகத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. மூன்றாம் புள்ளி முதல் புள்ளிக்கு மேலே நிற்கும்வரை ஷிஃப் அதைவிடவும் மெதுவாகத்தான் போகும்.

ஆக, ஃபோர்க்கைத் தேர்வது என்பது சந்தையைப் பற்றி ஒரு பந்தயம் கட்டுவது. இதுவரை கிடைத்த நிகர வேகத்தைவிட இனி வேகமாகப் போகும் என்று நினைத்தால் மூல வடிவம். அதே வேகம் என்றால் மாற்றியமைத்தது. தளரும் என்றால் ஷிஃப்.

மாற்றியமைத்த ஷிஃப்பைப் பற்றி இன்னொன்று. பள்ளி வடிவியலில் நடுப்புள்ளித் தேற்றம் படித்திருப்போம்: முக்கோணத்தின் இரு பக்கங்களின் மையங்களைச் சேர்த்தால் அந்தக் கோடு மூன்றாம் பக்கத்துக்கு இணை. மாற்றியமைத்த மீடியன் செய்வது அதையேதான். அதனால் அதன் கீழ்க்கோடு, முதல் புள்ளியான பள்ளத்தையும் மூன்றாம் புள்ளியான பள்ளத்தையும் சேர்க்கும் நம் பழைய டிரெண்ட் லைன். மேல்கோடு உச்சத்தின் வழியே போகும் சேனல் கோடு. மீடியன் சேனலின் நடுக்கோடு. சோதித்துப் பாருங்கள்: 118இலிருந்து பாருக்கு 1.5 வீதம் 12 பார் பின்னால் போனால் சரியாக 100. புதுப் பெயர் சூட்டிய பழைய சேனல். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரே சார்ட்டில் சேனலையும் மாற்றியமைத்த ஷிஃப்பையும் தனித்தனியாகப் போட்டு, "இரண்டு கருவிகளும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன" என்று மகிழ்ந்த காலம் எனக்கும் உண்டு. காட்டாமல் என்ன செய்யும்?

20ஆவது பாரில் எங்கே நிற்கின்றன

| ஃபோர்க் | கீழ்க்கோடு | மீடியன் | மேல்கோடு |
|---|---|---|---|
| மூல வடிவம் | 145.2 | 168 | 190.8 |
| மாற்றியமைத்த ஷிஃப் | 130 | 149 | 168 |
| ஷிஃப் | 125.2 | 143 | 160.8 |

மூன்றாம் புள்ளியிலிருந்து எட்டே பார்தான் கடந்திருக்கிறது. அதற்குள் மூல வடிவத்தின் கீழ்க்கோடு ஷிஃப்பின் மீடியனையே தாண்டிவிட்டது.

இப்போது விலையை நகர்த்துவோம். 118இலிருந்து நன்றாகவே ஏறுகிறது. 14ஆவது பாரில் 124, 16ஆவதில் 130, 20ஆவதில் 143. பாருக்கு மூன்று புள்ளிக்கு மேல், யாரும் இதைத் தளர்ச்சி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மூல ஃபோர்க்கின் கீழ்க்கோடு 14இல் 124.8, 16இல் 131.6, 20இல் 145.2. ஏறிக்கொண்டே இருக்கும் விலை ஃபோர்க்குக்கு வெளியே கிடக்கிறது. ஒரு புள்ளிகூட இறங்காமல் "உடைந்துவிட்டது".

143இல் விலை நின்று திரும்புகிறது. 26ஆவது பாரில் 131 வரை இறங்கி, மறுபடி எழுகிறது. 34ஆவது பாரில் 155. இந்தப் பாதையை மூன்று ஃபோர்க்கில் எதை வைத்திருப்பவர் எப்படிப் படித்திருப்பார் என்று பார்ப்போம்.

ஷிஃப் வைத்திருப்பவருக்கு எல்லாம் புத்தகத்தில் போட்ட படம் மாதிரி. 20இல் மீடியன் 143, விலை அங்கே முட்டித் திரும்பியது. 26இல் கீழ்க்கோடு 130.6, விலை 131இல் தாங்கி எழுந்தது. 34இல் மீடியன் 155.6, விலை மறுபடி அங்கே.

மாற்றியமைத்ததை வைத்திருப்பவருக்கு 20ஆவது பாரில் மீடியன் 149. விலை ஆறு புள்ளி குறைவாகவே திரும்பிவிட்டது. 26இல் கீழ்க்கோடு 139. விலை அதற்கு எட்டு புள்ளி கீழே. டிரெண்ட் லைன் உடைந்துவிட்டது என்று அவர் சொல்வார், அது பொய்யும் இல்லை.

இங்கேதான் ஆபத்தான விஷயம் வருகிறது. ஆண்ட்ரூஸ் மரபில் ஹகோபியன் விதி என்று ஒன்று உண்டு. மீடியனை நோக்கிப் புறப்பட்ட விலை அதைத் தொடாமலே திரும்பினால், புறப்பட்ட இடத்தையும் தாண்டி எதிர்ப்பக்கம் போகும் என்பது அதன் சாரம். மாற்றியமைத்த ஃபோர்க்கில் விலை 118இலிருந்து புறப்பட்டு மீடியனைத் தொடவில்லை, கீழ்க்கோடும் போய்விட்டது. விதிப்படி 118க்குக் கீழே போக வேண்டும். மூல வடிவத்தில் மீடியன் 168இல் இருக்க, இன்னும் பலமாகவே அப்படித் தோன்றும். ஆனால் ஷிஃப்பில் மீடியனைத் தொட்டாகிவிட்டது, விதிக்கே அங்கே வேலை இல்லை. நடந்தது என்ன? விலை 131இல் நின்றது, பிறகு பழைய உச்சமான 150ஐயும் தாண்டியது. விதி பொய்த்தது என்று சொல்ல மாட்டேன். வேகம் தப்பான ஃபோர்க்கில் வைத்து அந்த விதியைப் படித்ததுதான் கோளாறு. விலை மீடியனை எட்டவில்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சந்தைக்குத் தெம்பு இல்லாமல் போயிருக்கலாம். அல்லது நாம் மீடியனைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கலாம். சார்ட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மூல வடிவத்துக்காரரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. வெளியே விழுந்த விலை பிறகு கீழ்க்கோட்டை அடியிலிருந்து தொட்டுத் திரும்புவது இந்த முறையில் அடிக்கடி காண்கிற காட்சி. 20ஆவது பாரில் கோடு 145.2, விலை 143. அங்கே விற்றவருக்குப் பன்னிரண்டு புள்ளி இறக்கம் கிடைத்தது. ஒரே திருப்பத்தை இரண்டு ஃபோர்க்குகள் இரண்டு காரணம் சொல்லி விளக்கின. அதனால் ஒரு திருப்பம் கோட்டில் விழுந்தது என்பதை மட்டும் வைத்து அந்த ஃபோர்க் சரி என்று முடிவுகட்டக் கூடாது. 131இல் லாபத்தை எடுக்காமல், 118 உடையும் என்று காத்திருந்தவர்தான் மாட்டிக்கொண்டார்.

கோடுகளை விலை ஏன் மதிக்கிறது

இணைகோடுகளின் அகலம் இரண்டாம், மூன்றாம் புள்ளிகளிலிருந்து வருகிறது. அதாவது சந்தையின் கடைசி ஊசலாட்டத்தின் அளவு. சந்தை ஏறக்குறைய நிலையான வேகத்தில் நகர்ந்து, ஊசலாட்டமும் பழைய அளவிலேயே இருந்தால், அடுத்தடுத்த உச்சமும் பள்ளமும் அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில்தான் விழும். மீடியன் அந்த ஊசலின் நடு. அதில் மாயம் ஒன்றும் இல்லை. வேகம் பொருந்த வேண்டும், அகலம் பொருந்த வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கோடுகள் விலையைக் கண்ட இடத்தில் வெட்டிக்கொண்டு போகும்.

ஆண்ட்ரூஸ் விலை மீடியனுக்கு நூற்றுக்கு எண்பது தடவை வந்து சேரும் என்று சொன்னதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இந்த எண்ணை வைத்து மூன்று வடிவங்களை ஒப்பிட முயல்வது வீண். ஷிஃப்பின் மீடியன் பாருக்கு 0.9தான் நகர்கிறது. விலை சும்மா மேலும் கீழும் ஆடினாலே அதைத் தொட்டுவிடும். மூல மீடியனோ பாருக்கு 3.4 ஓடுகிறது, அதைத் துரத்திப் பிடிக்க விலைக்கு உண்மையான பலம் வேண்டும். நாணயம் சுண்டி வரைந்த சார்ட்டிலும் தட்டையான நடுக்கோடு பல தடவை தொடப்படும். ஆகவே ஷிஃப் அதிகம் தொடப்படுகிறது என்பது அதற்குப் பெருமை அல்ல. மூல மீடியனில் கிடைக்கும் ஒரு தொடுதல் சொல்லும் சேதி, ஷிஃப்பில் கிடைக்கும் மூன்றைவிடக் கனமானது.

தொடுதலை எண்ணும்போது இன்னொரு ஏமாற்றும் உண்டு. இரண்டாம், மூன்றாம் புள்ளிகளில் கோடு விலையைத் தொடுவது நாம் அப்படி வரைந்ததால்தான். கணக்கில் சேர வேண்டியது மூன்றாம் புள்ளிக்குப் பிறகு வரும் முதல் தொடுதலிலிருந்துதான்.

முன்கூட்டியே எப்படித் தேர்வது

நடந்து முடிந்த சார்ட்டில் ஷிஃப்பைக் கை காட்டுவது சுலபம். சார்ட்டின் வலது ஓரத்தில், அடுத்த பார் இன்னும் வராத இடத்தில் நிற்கும்போது எது துணைக்கு வரும்? நான் முதலில் பார்ப்பது இறக்கத்தின் ஆழம்.

ஆழம் மாறும்போது மூல வடிவத்தின் சாய்வு சோம்பலாகத்தான் மாறுகிறது. நம் உதாரணத்தில் மூன்றாம் புள்ளி 118க்குப் பதில் 130இல் நின்றிருந்தால் வேகம் 4. விலை முதல் பள்ளமான 100 வரை திரும்பி வந்திருந்தாலும் மூல மீடியன் பாருக்கு 2.5 ஏறிக்கொண்டிருக்கும். ஏறியது முழுவதையும் சந்தை திருப்பிக் கொடுத்த பிறகும் மேலே போகும் என்று சாதிக்கிற கோடு அது. ஷிஃப்பும் மாற்றியமைத்ததும் அந்த நிலையில் படுத்தே விடும், இரண்டின் வேகமும் பூஜ்யம். இறக்கத்தின் ஆழத்தைக் காதில் வாங்கிக்கொள்வதில் இவை இரண்டும் கெட்டி.

அதனால் இறக்கம் பாதிக்குள் நின்றால் மூல வடிவத்தோடு தொடங்குவேன். 130இல் நின்ற அந்தக் கற்பனையில் கீழ்க்கோடு பாருக்கு 4 ஏற வேண்டும். 6.25இல் ஏறிய சந்தைக்கு அது நடக்கக்கூடியதுதான். மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிவிட்டால் ஷிஃப். இடைப்பட்ட இடத்தில் மாற்றியமைத்தது, அதாவது சாதாரணச் சேனலே போதும். இந்த எல்லைகள் என் பழக்கம், யாரும் விதித்த சட்டம் இல்லை.

இரண்டாவது சோதனையைச் சந்தையே நடத்திக் கொடுக்கும். மூன்றாம் புள்ளி பள்ளம்தான் என்று உறுதியாக எப்படியும் இரண்டு மூன்று பார் ஆகும். அந்தப் பார்களில் விலை எந்தக் கீழ்க்கோட்டுக்கு மேலே மூடுகிறது, அதாவது பார் முடியும்போது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நம் கணக்கில் 14ஆவது பாரிலேயே விலை 124, மூல வடிவத்தின் கோடு 124.8. ஷிஃப்பின் கோடு 119.8. விலை ஏறிக்கொண்டே ஃபோர்க்கை விட்டு வெளியேறினால் தப்பு சாய்வில். விலை மூன்றாம் புள்ளியான 118ஐ உடைத்தால் தப்பு டிரெண்டில். அப்போது மூன்று ஃபோர்க்கையும் ஒரே சமயத்தில் அழித்துவிட வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் பயனில்லை. சாய்வு தப்பு என்று தெரிந்தால் ஒரு தடவை மாற்றிக்கொள்வேன். இரண்டாம் தடவை மாற்றத் தோன்றினால் நான் சந்தையைப் படிக்கவில்லை, கையில் உள்ள பொசிஷனுக்கு நியாயம் தேடுகிறேன் என்று அர்த்தம்.

ஷிஃப்பின் கீழ்க்கோட்டில் வாங்குவதாக இருந்தால் ஸ்டாப் லாஸைக் கோட்டிலேயே ஒட்டி வைப்பது சரிப்படாது. 26ஆவது பாரில் கோடு 130.6, பள்ளம் 131 என்று நான் நறுக்கென்று வைத்தது விளக்கத்துக்காக. நிஜத்தில் பாரின் நிழல், அதாவது விலை தொட்டுத் திரும்பியதைக் காட்டும் மெல்லிய வால், கோட்டைத் தாண்டி இரண்டு மூன்று புள்ளி கீழே போய்வரும். அப்படிப் போய், மூடும்போது உள்ளே வந்துவிட்டால், அந்த நிழலின் நுனி வழியாக மீடியனுக்கு இணையாக இன்னொரு கோடு போட்டு வைப்பார்கள். ஸ்லைடிங் பேரலல் என்பது அதுதான். அடுத்த இறக்கத்துக்கு அதுவே கீழ் எல்லை. விலை அதற்கும் கீழே மூடினால் வெளியேறிவிடலாம்.

கடைசியாக, இத்தனை கணக்கையும் ஓசையில்லாமல் கெடுக்கக்கூடிய ஒரு பட்டன்: சார்ட்டின் விலை அளவுகோல். சாதாரண அளவுகோலில் 100க்கும் 150க்கும் நடு 125. ஒரே சதவீத ஏற்றத்தை ஒரே உயரமாகக் காட்டும் லாக் அளவுகோலில் அது 122.5க்குச் சற்றுக் கீழே. தொடக்கப் புள்ளியே நகர்ந்துவிடும், சாய்வும் சேர்ந்து மாறும். முதல் ஏற்றம் பத்து சதவீதத்துக்குள் அடங்கினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நம் உதாரணம் போல ஐம்பது சதவீதம் ஏறியிருந்தால் நன்றாகவே தெரியும். நான் ஃபோர்க் வரைந்த அன்றே அளவுகோல் எது, தொடக்கம் எந்தப் பாரில் எந்த விலையில், பாருக்கு எத்தனை புள்ளி என்று மூன்றையும் நோட்டில் குறித்துவைப்பேன். ஒரு வாரம் கழித்துச் சார்ட்டைத் திறக்கும்போது கோடு வேறிடத்தில் நின்றால், மாறியது சந்தையா பட்டனா என்று தேடும் வேலை மிச்சம்.